3.5 சென்ட்டும் 3.04 சென்ட்டும்: கன்னங்குறிச்சி வீடு ஒன்றின் வீடியோ விவரக்குறிப்பு

சேலத்தில் வீடு, மனை விற்றுத் தரும் தரகர் ஒருவருக்கு, அவர் போடும் வீட்டு வீடியோக்களின் கீழே வரும் விவரக்குறிப்பை நான் எழுதித் தருகிறேன். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது கன்னங்குறிச்சியில் உள்ள ஒரு மாடி வீடு. படம் பிடித்து, வெட்டி ஒட்டி எல்லாம் முடிந்த பிறகுதான் விவரக்குறிப்பு என் கைக்கு வரும். தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாசகம் இப்படி இருந்தது:

> ஹஸ்தம்பட்டி அருகில், ஏற்காடு அடிவாரத்தில், லேக் வியூ, ஹில் வியூ! 3.5 சென்ட், 2000+ சதுர அடி, கிழக்கு பார்த்த டூப்ளெக்ஸ் வீடு. கார் பார்க்கிங், 24 மணி நேரமும் தண்ணீர். கிளியர் டைட்டில், ரெரா அப்ரூவ்டு, 90% லோன் உறுதி. சென்ட் 22 லட்சம்தான்! விலை 78 லட்சம் மட்டுமே!

இதில் முழுப் பொய் என்று தூக்கிப் போடக்கூடியது ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் ஏதோ ஒரு கணக்கில், ஏதோ ஒரு கோணத்தில் உண்மை. சிக்கலே அங்கேதான். 2,000 சதுர அடி எங்கிருந்து வந்தது, மூன்றரை சென்ட் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் வாசகம் சரியாகும். வீட்டுக்காரம்மாவிடம் கிரையப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரைபட அனுமதி, வீட்டு வரி ரசீது ஐந்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு, நூறடி நாடாவோடு தரகரும் நானும் வீட்டுக்குப் போனோம்.

மூன்றரை சென்ட் எங்கே இருக்கிறது

பத்திரத்தின் சொத்து விவரத்தில் கிழமேல் வடபுறம் 33 அடி, தென்புறம் 35 அடி, தென்வடல் கீழ்புறம் 40 அடி, மேல்புறம் 38 அடி என்று இருந்தது. எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரி 34, 39. பெருக்கினால் 1,326 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், வகுத்தால் 3.04 சென்ட். மூலைகள் சதுரமாக இல்லாத மனையில் இந்தச் சராசரிக் கணக்கு கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. அதனால் பத்திரக் கணக்கை மட்டும் நம்பாமல் பட்டாவோடு ஒப்பிட வேண்டும்.

பட்டாவில் பரப்பு 0 - 01.23 என்று இருந்தது. தரகர் அதைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, ஒன்னே கால் சென்ட்டுன்னு போட்டிருக்கான்?” என்று பதறிப்போனார். பட்டாவில் இருப்பது சென்ட் அல்ல, ஹெக்டேர் - ஏர். முதல் எண் ஹெக்டேர், இரண்டாவது ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 1.23 ஏர் என்றால் 123 சதுர மீட்டர். அடியில் 1,324, சென்ட்டில் 3.04. பத்திரமும் பட்டாவும் இரண்டு சதுர அடி வித்தியாசத்தில் ஒத்துப்போகின்றன. பழைய பத்திரங்களுக்கு இது ரொம்ப நல்ல பொருத்தம். பல வீடுகளில் முப்பது, நாற்பது சதுர அடி இடிக்கும். அப்போது இரண்டு எண்ணையும் போட்டு, எது எதிலிருந்து வந்தது என்று எழுதிவிடுவது என் வழக்கம். ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சர்வேயர் வேலை, என் வேலை இல்லை.

சரி, மீதி 0.46 சென்ட்? அது வழித்தடம். 20 அடித் தெருவிலிருந்து வீட்டுக் கேட் வரை 10 அடி அகலத்தில் 20 அடி நீளத்துக்கு ஒரு சந்து போகிறது. 200 சதுர அடி. 1,326-ஓடு 200-ஐக் கூட்டினால் 1,526. அதைச் சென்ட்டாக்கினால் 3.5. கணக்கு கச்சிதம்! ஆனால் பத்திரத்தில் அந்தச் சந்து பொது வழித்தடம் என்றும், அதில் போகவர, வண்டி ஓட்டப் பாத்தியம் உண்டு என்றும்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே பாத்தியம். “அந்த வழியும் எங்களுதுதானுங்களே, முப்பது வருசமா அதுலதான போறோம்” என்றார் வீட்டுக்காரம்மா. போகலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் அதை விற்க முடியாது, மறித்துக் கேட் போட முடியாது, ராத்திரி காரை அங்கே நிறுத்திவிட்டுத் தூங்கவும் முடியாது.

வீடியோவில் இது இன்னும் மோசமாகத் தெரிந்தது. ட்ரோன் சந்தின் மேலே பறந்து கேட்டுக்கு வருகிறது. பார்க்கிறவருக்கு அந்தச் சந்து வீட்டின் முன்வாசல் போலவே இருக்கும். படத்தை வெட்டச் சொன்னால் எடிட்டர் விடமாட்டார், அழகான ஷாட். அதனால் அந்த இடத்தில் ‘பொது வழித்தடம், 10 அடி’ என்று திரையில் எழுத்துப் போடச் சொன்னேன். விவரக்குறிப்பில் மனையின் அளவும் வழித்தடமும் தனித்தனி வரி.

தரகர் விடவில்லை. “மூன்றரைன்னு போட்டாதான் தம்பி போன் வரும். மூணுன்னா சின்ன மனைன்னு தள்ளிட்டுப் போயிருவாங்க.” போன் வரும் என்பது நிஜம். ஆனால் மூன்றரை சென்ட் தேடுகிறவர் வந்து பார்த்து, பத்திர நகலைக் கேட்டு, மூன்று என்று தெரிந்ததும் விலையைத்தான் முதலில் உடைப்பார். 78 லட்சத்தை மூன்றரையால் வகுத்தால் சென்ட்டுக்கு 22.3 லட்சம் வருகிறது. 3.04-ஆல் வகுத்தால் 25.7. தரகரின் ‘சென்ட் 22 லட்சம்தான்’ என்ற வரி அந்தச் சந்தின் பரப்பை நம்பித்தான் நிற்கிறது. தவிர, கட்டிய வீட்டுக்குச் சென்ட் கணக்கில் விலை சொல்வதே எனக்கு உடன்பாடில்லை. அந்த 78-இல் கட்டடத்தின் மதிப்பும் இருக்கிறது. அதைக் காலி மனையின் சென்ட் விலையோடு ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் ஏமாறலாம். அந்த வரியை எடுத்துவிட்டேன்.

கட்டடத்தின் 2,000

கட்டடத்தை அளந்தபோது தரைத்தளம் வெளிச்சுவரோடு 860 சதுர அடி, மேல்தளம் 640. மொத்தம் 1,500. போர்டிகோ 120, மொட்டை மாடிக்கு ஏறும் படிக்கட்டின் தலைப்பு அறை 80, மேல்தளத்தின் முன்னால் திறந்த மாடி 340. எல்லாவற்றையும் கூட்டினால் 2,040. தரகரின் ‘2000+’ அதுதான். மேலே வானம் தெரிகிற இடத்தையும் கட்டடப் பரப்பில் சேர்த்துக்கொண்டார்.

கட்டடப் பரப்பு என்றால் வெளிச்சுவர் உட்பட 1,500. வெளிச்சுவரைக் கழித்தால் உள்ளே சுமார் 1,330. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் சட்டம் கார்ப்பெட் ஏரியா என்று சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான்: உள் தடுப்புச் சுவர் சேரும், வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி சேராது. தனி வீட்டுக்கு அந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை. ஆனாலும் அடுக்குமாடி வீடுகளையும் பார்த்துக்கொண்டு வருகிற ஆள் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு எண்ணும் உதவும். அதனால் 1,500, 1,330 இரண்டையும் போட்டு, போர்டிகோவையும் திறந்த மாடியையும் பக்கத்தில் தனியாக எழுதினேன்.

அறை அளவுகளில் வீடியோவே பொய் சொல்லும். போனில் 0.5 என்ற அகலக் கோணத்தில் வைத்து எடுத்தால் ஒன்பது அடி அறை பன்னிரண்டு அடி போல விரியும். கீழே உள்ள இரண்டாவது படுக்கையறை பூச்சுக்குப் பூச்சு 9 அடி 3 அங்குலத்துக்கு 10 அடி 2 அங்குலம். ஒரு டபுள் காட், ஒரு பீரோ போட்டால் கதவு திறக்கக் கொஞ்சம் இடம் மிஞ்சும், அவ்வளவுதான். வீடியோவில் அந்த அறைக்குள் நாற்பது பேர் உட்காரலாம் போலிருந்தது. ஒவ்வொரு அறையும் திரைக்கு வரும்போது அதன் அளவும் வர வேண்டும் என்று எடிட்டரிடம் பட்டியல் கொடுத்தேன்.

‘டூப்ளெக்ஸ்’ என்ற சொல்லும் போயிற்று. படிக்கட்டு வெளியே இருக்கிறது, மேலே தனிச் சமையலறை. இங்கே கேட்டால் கீழ் போர்ஷன், மேல் போர்ஷன் என்று சொல்வார்கள். வாடகைக்கு விட நினைப்பவருக்கு டூப்ளெக்ஸைவிட இதுதான் பிடிக்கும். ஆகவே உண்மையைச் சொன்னதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

‘கிழக்கு பார்த்த வீடு’ என்பதும் பாதிதான். கேட் கிழக்கு, தலைவாசல் வடக்கு. தரகர் கேட்டை ஒட்டி நின்று போனில் திசை பார்த்திருக்கிறார். இரும்புக் கேட் பக்கத்தில் போன் திசைகாட்டி ஆடும். ஹாலின் நடுவில் நின்று, வாசலைப் பார்த்துத் திரும்பிப் பார்த்தால் தெளிவாக வடக்கு. வாஸ்து பார்க்கிறவர்களுக்குத் தலைவாசல்தான் கணக்கு. கிழக்கு என்று நம்பி வருகிறவர் வந்து பார்த்துவிட்டு, வார்த்தை சொல்லாமல் திரும்பிப் போவார்.

கார் விஷயத்தைப் பேசித் தீர்க்க முடியவில்லை, ஓட்டிப் பார்த்தோம். தரகரிடம் இருப்பது சின்ன ஹேட்ச்பேக். தெருவிலிருந்து சந்துக்குள் ஒரே திருப்பில் நுழையவில்லை, ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் நுழைந்தது. கேட் திறப்பு 7 அடி 6 அங்குலம். உள்ளே போர்டிகோ 15 அடி நீளம், 8 அடி அகலம். கார் நின்றது. ஓட்டுநர் பக்கக் கதவு முழுதாகத் திறந்தது. மறுபக்கக் கதவு தூணில் இடித்தது. பெரிய எஸ்யூவி வைத்திருப்பவர் இந்த வீட்டைப் பார்க்கவே வர வேண்டாம். அதையே விவரக்குறிப்பில் கொஞ்சம் மரியாதையாக எழுதினேன்.

ஹஸ்தம்பட்டியா, கன்னங்குறிச்சியா

வீட்டு வரி ரசீது கன்னங்குறிச்சிப் பேரூராட்சி பெயரில் இருக்கிறது. ஹஸ்தம்பட்டி சேலம் மாநகராட்சியைச் சேர்ந்தது. அது வெறும் ரவுண்டானாவைச் சுற்றிய பகுதியின் பெயர் மட்டுமல்ல, மாநகராட்சியின் மண்டலங்களில் ஒன்றின் பெயரும்கூட. ஆகவே ‘ஹஸ்தம்பட்டி’ என்று போட்டால் வாங்குபவர் மாநகராட்சி வரி, மாநகராட்சிக் குடிநீர், ஹஸ்தம்பட்டி விலை என்று மனதில் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வார். வரி வேறு, அனுமதி கொடுக்கும் அலுவலகம் வேறு, அரசு வழிகாட்டி மதிப்பும் தெருவுக்குத் தெரு வேறு. வழிகாட்டி மதிப்பை tnreginet.gov.in தளத்தில் தெருப் பெயர் அல்லது சர்வே எண் போட்டு யாரும் பார்க்கலாம். அப்படிப் பார்க்கிறவருக்குச் சரியான ஊர்ப் பெயர் வேண்டும். கதவு எண்ணை நான் எப்போதும் போடுவதில்லை. வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கேட்டவர்களுக்குப் போனில் சொன்னால் போதும்.

தூரத்தை நிமிடத்தில் சொல்வதை விட்டுக் கிலோமீட்டரில் சொன்னேன். கேட்டிலிருந்து ஹஸ்தம்பட்டி ரவுண்டானாவுக்கு வண்டி மீட்டரில் 3.6 கிலோமீட்டர். மதியம் வெறிச்சோடிய நேரத்தில் பத்து நிமிடம் போதும். பள்ளிக்கூட நேரத்தில் அது போதாது. தரகர்கள் வழக்கமாகச் சொல்லும் ‘ஐந்து நிமிடம்’ என்பது ஞாயிற்றுக்கிழமை விடிகாலைக் கணக்கு.

‘ஏற்காடு அடிவாரம்’ என்று சேலத்துக்காரர் யாரிடமாவது சொன்னால் அவர் மனதில் வருவது ஏற்காடு மெயின் ரோட்டில் கோரிமேட்டைத் தாண்டி, மலைப்பாதை தொடங்குகிற இடம். கன்னங்குறிச்சி அதுவல்ல. வெளியூரில், வெளிநாட்டில் இருந்து பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரியாதவரிடம் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதுதான் தவறு. மலை மேலே ஏற்காட்டுக்கு விவரக்குறிப்பு எழுதுவதாக இருந்தால் அது வேறு வேலை. அங்கே மலைப்பகுதிக் கட்டட விதிகள், மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும அனுமதி, மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி என்று எல்லாம் உண்டு. ‘காபித் தோட்டத்தில் கனவு இல்லம்’ என்ற ஒரே வரி இவை அத்தனையையும் மறைத்துவிடும். இந்த வீட்டுக்கு அவை எதுவும் தேவையில்லை. அப்படியிருக்க மலையின் பெயரை மட்டும் ஏன் கடன் வாங்க வேண்டும்?

மலை தெரிகிறது என்பது உண்மை. மொட்டை மாடியில் வடக்கே திரும்பினால் சேர்வராயன் மலை விரிந்து நிற்கிறது. பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வடக்குப் பக்கத்து மனை காலி. அங்கே ஒரு மாடி எழுந்தால் பாதி மலை போய்விடும். ‘இப்போது தெரிகிறது, வடபுற மனை காலியாக இருப்பதால்’ என்று எழுதினேன். மூக்கனேரி தெரிவது தலைப்பு அறையின் மேலே தண்ணீர்த் தொட்டிக்கு ஏறி நின்றால்தான். ‘லேக் வியூ’ அங்கேயே இறங்கிவிட்டது.

எதைச் சொல்ல முடியாது

தண்ணீருக்கு இரண்டு வழி: போர், பேரூராட்சிக் குடிநீர். போர் 450 அடி என்றும், கோடையிலும் வற்றியதில்லை என்றும் வீட்டுக்காரம்மா சொன்னார். 450 அடியை நான் எப்படிப் பார்ப்பது? மோட்டாரைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டோம், தண்ணீர் நிற்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான் நான் பொறுப்பு. மற்றதற்கு ‘வீட்டு உரிமையாளர் சொன்னது’ என்று போட்டேன். இந்த மூன்று சொல் தரகருக்குப் பிடிக்காது, ஆனால் எழுதியவரையும் அவரையும் சேர்த்துக் காப்பாற்றுவது இதுதான்.

‘ரெரா அப்ரூவ்டு’ என்ற சொல்லுக்கு இங்கே பொருளே இல்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியது திட்டங்கள். அதுவும் மனை 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது வீடுகள் எட்டுக்கு மேல் இருந்தால். 123 சதுர மீட்டரில் ஒருவர் குடியிருந்து, பிறகு விற்கிற ஒரே வீட்டுக்கு அது வராது. பதிவு எண் இல்லாமல் ‘ரெரா’ என்று எழுதினால் எண் எங்கே என்று முதல் போனிலேயே கேட்பார்கள்.

‘கிளியர் டைட்டில்’ என்று நானோ தரகரோ சொல்ல எங்களுக்கு யோக்கியதை இல்லை. வில்லங்கச் சான்று, கேட்ட காலத்துக்குள் பதிவான ஆவணங்களைத்தான் காட்டும். பதிவாகாத ஒப்பந்தம், உயில், கையெழுத்துப் போடாத வாரிசு ஒருவர் இருக்கிறாரா என்பது அதில் தெரியாது. எந்த வருடத்திலிருந்து பார்த்தோம், அதில் நிலுவை அடமானம் இருந்ததா இல்லையா என்பது வரைக்கும் சொல்லலாம். மீதி வாங்குபவரின் வக்கீல் பார்க்க வேண்டியது.

இந்த வீட்டில் பெரிய விஷயம் கடைசியாக வெளிவந்தது. வரைபட அனுமதி தரைத்தளத்துக்கு மட்டும்தான் இருந்தது. மேல்தளம் பிறகு கட்டியது. அதற்கு அனுமதி எங்கே என்று கேட்டபோது வீட்டுக்காரம்மா வரி ரசீதைக் காட்டினார். “மாடிக்கும் சேர்த்துத்தானுங்க வரி கட்டறோம்” என்றார். வரி கட்டுகிறார், ரசீதிலும் மாடி இருக்கிறது. ஆனால் வரி போடுவது வேறு, கட்ட அனுமதி கொடுப்பது வேறு. அனுமதி இல்லாத தளத்துக்கும் வரி போடுவார்கள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று தரகருக்கும் எனக்கும் அன்று நீண்ட பேச்சு. அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. சேலத்தில் பாதி மாடி இப்படித்தான் நிற்கிறது, நம் வீட்டை மட்டும் ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றார். நான் சொன்னது ஒன்றுதான்: அண்ணா, இதை வாங்குபவர் லோன் போட்டுத்தான் வாங்குவார். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து நிற்கும்போது வரைபடத்தைத்தான் முதலில் கேட்பார். அனுமதி இல்லாத 640 சதுர அடியை அவர் மதிப்பில் சேர்க்காமல் விட்டால், அட்வான்ஸ் கொடுத்த பிறகு டீல் உடையும். அப்போது அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு யார் வீட்டு வாசலில் நிற்பார்கள்?

அதோடு ‘90% லோன்’ வரியும் சேர்ந்தே விழுந்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குத்தான் மதிப்பில் 90 சதவீதம் வரை. 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேல் 75. இந்த வீட்டுக்கு 78 லட்சத்தையே வங்கி மதிப்பாக ஏற்றாலும் 80 சதவீதம் 62.4 லட்சம்தான். மேல்தளத்தைக் கழித்தால் அதுவும் குறையும். மேலே பத்திரச் செலவு கைப்பணம். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 78 லட்சத்துக்கே பத்திரம் போட்டால் 7,02,000 ரூபாய். 50 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்து என்பதால் வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். அது கூடுதல் செலவல்ல, விற்பவருக்குக் கொடுக்க வேண்டியதிலிருந்து பிடிப்பது. ஆனால் தெரியாமல் இருந்தால் பத்திரத்தன்று குழப்பம்.

போட்ட வாசகம்

தலைப்புக்கு 100 எழுத்துதான் இடம். தமிழில் ‘கி’ என்பதை யூடியூப் இரண்டு எழுத்தாக எண்ணும், ‘க்’ என்பதையும் அப்படியே. ஆகவே தலைப்பில் ஊர், மனை, விலை மட்டும். கீழே விவரக்குறிப்பில் விரிக்காமலே தெரிவது முதல் இரண்டு வரிதான். அந்த இரண்டு வரியில் ஊர்ப் பெயர், மனை அளவு, விலை, பெரிய குறை நான்கும் வந்துவிட வேண்டும்.

> கன்னங்குறிச்சி, சேலம் | 3.04 சென்ட் மனையில் இரண்டு போர்ஷன் வீடு | 78 லட்சம்
>
> கன்னங்குறிச்சிப் பேரூராட்சி. மனை 3.04 சென்ட், விலை 78 லட்சம், பேசலாம்.
> வரைபட அனுமதி தரைத்தளத்துக்கு மட்டும் பார்த்தோம். மேல்தளத்துக்கு அனுமதி ஆவணம் எங்களுக்குக் காட்டப்படவில்லை.
>
> மனை: பத்திரப்படி 1,326 சதுர அடி, பட்டாப்படி 1.23 ஏர் (1,324 சதுர அடி). நாங்கள் நாடா வைத்துப் பார்த்தது ஒத்துப்போனது, ஆனால் அது சர்வே அளவு அல்ல.
> வழி: 20 அடித் தெருவிலிருந்து 10 அடிப் பொது வழித்தடம். பக்கத்து வீட்டுக்கும் பாத்தியம் உண்டு. இது மனை அளவில் சேரவில்லை.
> கட்டடம்: கீழே 860, மேலே 640, மொத்தம் 1,500 சதுர அடி (வெளிச்சுவர் உட்பட). உள்ளளவு சுமார் 1,330. போர்டிகோ 120, திறந்த மாடி 340 தனி. படிக்கட்டு வெளியே. அறை அளவுகள் வீடியோவில் உள்ளன. அகலக் கோணத்தில் எடுத்ததால் அறைகள் படத்தில் பெரிதாகத் தெரியும்.
> திசை: கேட் கிழக்கு, தலைவாசல் வடக்கு.
> கார்: கேட் 7½ அடி. சின்னக் கார் நிறுத்திப் பார்த்தோம், நிற்கிறது. பெரிய வண்டிக்கு இடம் போதாது.
> தண்ணீர்: போர், பேரூராட்சிக் குடிநீர். போர் 450 அடி, கோடையில் வற்றியதில்லை என்பது உரிமையாளர் சொன்னது. நாங்கள் ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டிப் பார்த்தோம்.
> தூரம்: ஹஸ்தம்பட்டி ரவுண்டானா 3.6 கி.மீ. மாடியிலிருந்து சேர்வராயன் மலை இப்போது தெரிகிறது, வடபுற மனை காலியாக இருப்பதால்.
> பத்திரச் செலவு: அரசுக்கு 9 சதவீதம், விலையில் சேரவில்லை. 78 லட்சத்துக்கு 7,02,000 ரூபாய். வாங்குபவர் தரப்புத் தரகு 1 சதவீதம்.
> கடன்: எவ்வளவு என்பதை வங்கி முடிவு செய்யும். நாங்கள் உறுதி தரவில்லை.
> ஆவணங்கள்: கிரையப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது பார்த்தோம். சான்றில் நிலுவை அடமானம் இல்லை. இது வக்கீல் கருத்து அல்ல. அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.

வீடியோவில் பின்னணிக் குரல் விலையைச் சொன்ன இடத்தை மட்டும் வெட்டிவிட்டோம். ஏற்றிய பிறகு விவரக்குறிப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், குரலை மாற்ற முடியாது. விலை எழுத்தில் மட்டும் இருக்கட்டும்.

அது உடனே உதவியது. போன்கள் தரகர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் வந்தன, அவர் முகம் சுருங்கியது. ஆனால் கூப்பிட்டவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: மேல்தளத்துக்கு அனுமதி வாங்கித் தருவீர்களா, இல்லை விலையில் கழிப்பீர்களா? சந்து பற்றியோ, கார் பற்றியோ யாரும் கேட்கவில்லை, படித்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மா பேரூராட்சியிலும் ஒரு பொறியாளரிடமும் விசாரித்துவிட்டு, அந்த அலைச்சல் தன்னால் ஆகாது என்று விலையை 74 லட்சமாகக் குறைத்தார். தலைப்பு, முதல் வரி, பத்திரச் செலவு மூன்றையும் அன்றே மாற்றினேன். 74 லட்சத்துக்குப் பத்திரச் செலவு 6,66,000. கீழே மாற்றிய தேதியும், பழைய விலை 78 என்பதும் ஒரு வரியாகப் போட்டேன். முன்பு பார்த்தவர் திரும்பி வந்தால் எது மாறியது என்று அவருக்குத் தெரிய வேண்டும். தரகர் அந்த வரியை எடுக்கச் சொன்னார், பழைய விலையைக் காட்டினால் இன்னும் இறங்கும் என்று நினைப்பார்களாம். அதில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். வரி இப்போதைக்கு இருக்கிறது.